"ஹாய்" வந்தாலே என்ன வேலையோ

கேள்வி: சிங்கப்பூரில் எட்டுப் பேர் கொண்ட டீமைப் பார்த்துக்கொள்கிறேன். ஐந்து பேர் ஆபீஸுக்கு வருகிறார்கள், இரண்டு பேர் சென்னையில், ஒருவர் பெரும்பாலும் பொங்கோலில் தன் வீட்டிலிருந்து. போன வாரம் சென்னைக்காரர் சொன்னார்: "அண்ணே, உங்ககிட்டேர்ந்து ஹாய் வந்தாலே என்ன வேலையோன்னு இருக்கு." எனக்குச் சுருக்கென்று இருந்தது. நான் எல்லாருக்கும் வணக்கம் சொல்பவன்தான். எங்கே தவறுகிறது? சாட்டிலும் நேரிலும் பாரபட்சம் இல்லாமல் எப்படி விசாரிப்பது?

பதில்:

முதலில் ஒன்று செய்யுங்கள். அவரோடு நடந்த சாட்டைத் திறந்து, நீங்கள் அனுப்பிய கடைசி இருபது செய்திகளைப் பாருங்கள். அவரிடம் எதையும் கேட்காத செய்தி அதில் எத்தனை? "அங்க மழை விட்டுச்சா", "பையனுக்குப் பரீட்சை முடிஞ்சுதா", "நேத்து நீங்க அனுப்பின கணக்கு ரொம்பத் தெளிவா இருந்துச்சு" என்பது மாதிரி, படித்துவிட்டு ஒரு வேலையும் செய்யத் தேவையில்லாத செய்தி. என் டீமில் ஒருவரோடு நான் இப்படிப் பார்த்தபோது இருபதில் ஒன்றுதான் தேறியது. அதுவும் தீபாவளி வாழ்த்து. எல்லாருக்கும் அனுப்பியதை அவருக்கும் ஒட்டியிருந்தேன்.

அப்புறம் இன்று காலை ஆபீஸில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். லிஃப்டில் ஒருவரைப் பார்த்துத் தலையசைத்திருப்பீர்கள். பேன்ட்ரியில் தண்ணீர் பிடிக்கும்போது இன்னொருவரிடம் "நேத்து எம்ஆர்டி நின்னுபோச்சாமே" என்றிருப்பீர்கள். கோப்பி வாங்கப் போனவர் "உங்களுக்கும் வேணுமா" என்று கேட்டிருப்பார், நீங்கள் "கோப்பி ஓ கொசோங்" என்றிருப்பீர்கள். இந்த மூன்றிலும் வேலை இல்லை. ஒன்பதரை மணிக்கு அவர்களிடமே நீங்கள் ஒரு வேலையைக் கேட்கும்போது, காலையில் பேசிய அந்த மூன்று பேச்சும் அதற்கு முன்னால் இருக்கிறது. சென்னையில் இருப்பவருக்கு அப்படி எதுவும் இல்லை. அவருக்கு உங்கள் முதல் சொல்லும் வேலையும் ஒரே கையில் வருகின்றன.

ஆக, உங்கள் வணக்கத்தின் எண்ணிக்கையில் குறை இருக்காது. வேலை ஒட்டாத வணக்கம் ஆபீஸில் இருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கிறது, அவ்வளவுதான். நேரில் அது செலவில்லாமல் நடந்துவிடுகிறது, முகத்தைப் பார்த்தாலே வாய் திறந்துவிடும். தூரத்தில் இருப்பவருக்கு அதை நினைத்து, தட்டி, அனுப்ப வேண்டும். நினைப்பு வருவதோ தேவை வரும்போதுதான். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லாமலே இது நடக்கிறது. அதனால்தான் நீங்களும் கவனிக்கவில்லை.

இதைத் தெரிந்துகொண்டதும் நான் செய்த முதல் காரியம் தப்பு. அதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யாமல் இருக்க. டீமுக்குக் காலை வணக்கத்துக்கென்றே ஒரு சேனல் திறந்தேன். தினமும் எல்லாரும் ஒரு குட்மார்னிங் போட வேண்டும். முதல் வாரம் களைகட்டியது. மூன்றாம் வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழு மாதிரி ஆகிவிட்டது. ரோஜாப்பூ படம் மட்டும்தான் குறை. வீட்டிலிருந்து வேலை பார்த்தவர் சரியாக 8:59க்குப் போட ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அவருக்கு அது வருகைப் பதிவேடு. ஆபீஸில் இருப்பவர் போட மறந்தால் யாரும் கேட்பதில்லை, ஆள் கண்ணெதிரே இருக்கிறார். வீட்டில் இருப்பவர் மறந்தால் "எங்கே ஆளைக் காணோம்" என்று ஆகிவிடுகிறது. எல்லாருக்கும் ஒரே விதி என்று நினைத்தேன், பாரம் மட்டும் ஒரு பக்கம் விழுந்தது. சேனலை மூடிவிட்டேன்.

அந்தச் சேனலில் இன்னொரு கோளாறும் இருந்தது. ஸ்லாக் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நான் `@here` போட்டு "குட்மார்னிங், இன்னைக்குப் பேன்ட்ரில கேக் இருக்கு" என்று எழுதுவேன். `@here` அந்த நேரம் ஆன்லைனில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் மணியடிக்கும். சேனலில் இருக்கும் எல்லாருக்கும் போக வேண்டுமானால் `@channel`. சிங்கப்பூரில் காலை 9:00 என்றால் சென்னையில் 6:30. ஆக என் குட்மார்னிங் நாள் தவறாமல் ஆபீஸ்காரர்களை மட்டும் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. கேக்கும் அவர்களுக்குத்தான், சரி, அது வேறு கதை. இதற்காக `@channel` பக்கம் போகாதீர்கள். அதிகாலையில் ஒருவர் தலைமாட்டில் போன் அடித்துச் சொல்லும் வணக்கத்தை யாரும் விரும்பமாட்டார்கள். அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியைத் தட்டினால் செய்தியைப் பின்னொரு நேரத்துக்கு வைக்கலாம். டீம்ஸிலும் அந்த வசதி உண்டு. நம் பகல் 12:00 அவர்களுக்குக் காலை 9:30. அந்த நேரத்துக்கு வைத்துவிடுங்கள்.

இப்போது அந்தத் தனி "ஹாய்". உங்கள் சென்னைக்காரர் புண்பட்டது அநேகமாக இதனால்தான். நம் வழக்கத்தில், ஒருவர் வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று குரல் கொடுத்து, "வாங்க" என்றபிறகு உள்ளே போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வந்த காரியத்தைச் சொல்வோம். அதே மரியாதையைச் சாட்டில் காட்டுவதாக நினைத்து "ஹாய்" என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறோம். நேரில் அந்தக் காத்திருப்பு இரண்டு விநாடி. உங்கள் முகத்தைப் பார்த்தே வந்தது அவசரமா அரட்டையா என்று தெரிந்துவிடும். சாட்டில் அவர் பார்ப்பது ஒரு சொல், அதற்குக் கீழே நீங்கள் ஏதோ தட்டிக்கொண்டிருப்பதாகக் காட்டும் புள்ளிகள். மேனேஜரிடமிருந்து வேறு. அந்த ஒரு நிமிடத்தில் மனசு என்னவெல்லாம் நினைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

வேலை இருந்தால் வணக்கத்தையும் வேலையையும் ஒரே செய்தியில் வையுங்கள், எப்போதைக்குத் தேவை என்பதோடு. இப்படி: "வணக்கம் தம்பி. மார்ச் மாத இன்வாய்ஸ் பட்டியல்ல ரெண்டு வரி இடிக்குது, படம் கீழே. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பார்த்தா போதும், அவசரமில்லை." வாசலில் நின்று குரல் மட்டும் கொடுக்காமல் காரியத்தையும் கையோடு கொண்டுபோகிறீர்கள். எழுத்தில் அதுதான் மரியாதை. வேலை இல்லையென்றால், இல்லை என்பது முதல் வரியிலேயே தெரியட்டும்: "சும்மாதான். நீங்க சொன்ன அந்த மிளகு வறுவல் செஞ்சு பார்த்தேன், கருகிடுச்சு." இந்த இரண்டையும் கலக்காமல் வைத்தாலே பாதி சரியாகிவிடும். கலப்பதில் மோசமானது பண்டிகை. பொங்கலுக்குச் சிங்கப்பூரில் பொது விடுமுறை கிடையாது, தமிழ்நாட்டில் உண்டு. "பொங்கல் வாழ்த்துகள்! அப்புறம் அந்த ஃபைல்..." என்று ஆரம்பிக்கும் செய்தி நம் ஊரிலிருந்து வருடம் தவறாமல் போகிறது. வாழ்த்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஃபைலை அவர் திரும்பி வந்தபிறகு கேளுங்கள். சீனப் புத்தாண்டின் இரண்டு நாளும் இங்கே பூட்டிக் கிடக்கும்போது அவர்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

வேலை ஒட்டாத செய்தி எவ்வளவு அனுப்பலாம்? வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. தினமும் வேண்டாம், அது மறுபடியும் கடமையாகிவிடும். அவர் பதில் போடாவிட்டால் கேட்காதீர்கள். லிஃப்டில் நீங்கள் தலையசைத்ததற்கு ஒருவர் பதில் கொடுத்தாரா என்று கணக்கா வைக்கிறீர்கள்?

சாட்டைவிடச் சிக்கலான இடம் கலப்புக் கூட்டத்தின் முதல் மூன்று நிமிடம். எங்கள் டீமில் வாராந்திரக் கூட்டம் நம் நேரம் 11:30க்கு, சென்னையில் 9:00. முன்பெல்லாம் எப்படி நடக்கும் என்றால், ஆபீஸ்காரர்கள் 11:25க்கே அறைக்குள் வந்துவிடுவார்கள். மதியம் எந்த ஹாக்கர் சென்டருக்குப் போவது என்று பேச்சு, கேலி, சிரிப்பு. 11:29க்கு ஒருவர் லேப்டாப்பைத் திறந்து அழைப்பில் சேருவார். சென்னையில் இருப்பவர் திரையில் பார்ப்பது ஒரு நீள மேசை, கட்டைவிரல் அளவு முகங்கள், ஒரு சிரிப்பின் கடைசித் துண்டு. உடனே யாராவது "சரி, எல்லாரும் வந்தாச்சு, ஆரம்பிப்போமா" என்பார். ஐந்து பேர் ஐந்து நிமிடம் விசாரித்துக்கொண்டார்கள். அவருக்கு அன்றைய நாளின் முதல் சொல் "ஆரம்பிப்போமா".

நாங்கள் மாற்றியது இதுதான். அறைக்குள் யார் முதலில் நுழைகிறாரோ அவர் உட்காருவதற்கு முன்பே அழைப்பைத் திறந்து மைக்கையும் போட்டுவிட வேண்டும். ஹாக்கர் சென்டர் பேச்சு நடக்கட்டும், ஆனால் திரையில் இருப்பவர் காதிலும் விழட்டும். அவர் சேர்ந்ததும் பேச்சை ஒரு நொடி நிறுத்திப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "ஹலோ சென்னை!" என்று கூப்பிடக் கூடாது. அறையில் இருப்பவர்களுக்குப் பெயர், தூரத்தில் இருப்பவர்களுக்கு ஊர்ப்பெயர் என்றால் பாரபட்சம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. அறையில் எல்லாரும் சிரித்தால், எதற்கு என்று ஒருவர் ஒரு வரி சொல்லிவிட வேண்டும்: "ஒண்ணுமில்ல, இவர் ரெண்டு காலுக்கும் வேற வேற சாக்ஸ் போட்டு வந்திருக்கார்." சொல்லாத சிரிப்பு தூரத்தில் இருப்பவருக்குத் தன்னைப் பற்றியதாகத்தான் படும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டபிறகு மனதுக்குள் இரண்டு எண்ணுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. குரல் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போய்ச்சேர 150 மில்லிவிநாடிக்குள் ஆனால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் பரிந்துரை. வீட்டு வைஃபை அந்தக் கணக்கில் எப்போதும் நிற்பதில்லை. அதோடு அவர் மைக்கைத் திறக்க வேண்டும். நேரில் பதில் வரும் வேகத்தை எதிர்பார்த்துப் பழகிய நாம், அந்த இடைவெளியைத் தயக்கம் என்று எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விடுவோம். அவர் "நல்லா இருக்கேன்" என்று வாய் திறக்கும்போது நாம் அங்கே இல்லை. இது நாலு தடவை நடந்தால் ஐந்தாவது தடவை அவர் மைக்கையே திறக்கமாட்டார். பிறகு நாம் "அவர் ரொம்ப அமைதியான ஆள்" என்போம்.

அறையில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து "மார்னிங்!" என்று கத்துவதும் அந்தப் பக்கம் சரியாகப் போகாது. பலர் ஒரே நேரம் பேசினால், இரைச்சலை வடிகட்டும் மென்பொருள் பாதியை வெட்டிவிடும்; அங்கே கேட்பது "...னிங்". கையசைப்பு நன்றாகப் போகும். திரையைப் பார்த்து எல்லாரும் கையை அசையுங்கள், ஒருவர் மட்டும் வாயால் சொல்லட்டும். முகம் தெரிய வேண்டும் என்றால் அறையில் இருப்பவர்களும் தங்கள் லேப்டாப்பில் சேர்ந்து கேமராவைப் போடலாம். ஆனால் மைக்கும் ஸ்பீக்கரும் அறைக்கு ஒன்றுதான் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு கருவியின் சத்தம் இன்னொன்றுக்குள் புகுந்து ஊளையிடும். வணக்கத்துக்குப் பதில் எல்லாரும் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. "எல்லார்கிட்டயும் ஒரு சுற்று எப்படி இருக்கீங்கன்னு கேட்போம்" என்று கிளம்பாதீர்கள். எட்டுப் பேர் வரிசையாக "நல்லா இருக்கேன்" சொல்வது கூட்டத்தை விழுங்கும், யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. திரையில் இருப்பவரில் ஒருவரிடம், அறையில் இருப்பவரில் ஒருவரிடம், அவரவருக்கென்று ஒரு கேள்வி. அடுத்த வாரம் வேறு இருவர். அறைக்குள்ளேயும் ஓரத்தில் உட்கார்ந்து வாயே திறக்காதவர் ஒருவர் இருப்பார். நேரில் இருப்பதாலேயே எல்லாருக்கும் விசாரிப்பு கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

மொழி விஷயம் நமக்கென்றே உள்ள சிக்கல். உங்களுக்கும் சென்னைக்காரருக்கும் தமிழ். டீமில் சீனரும் மலாய்க்காரரும் இருப்பார்கள். கூட்டம் ஆரம்பிக்கும்போது நீங்கள் இருவரும் தமிழில் நலம் விசாரித்துச் சிரித்தால், இந்தத் தடவை வெளியில் நிற்பவர்கள் அறையில் இருப்பவர்கள். ஒரு "வணக்கம், நல்லா இருக்கீங்களா" வரை யாருக்கும் உறுத்தாது, அதற்கு மேல் போனால் பொது மொழிக்கு மாறிவிடுங்கள். தமிழ்ப் பேச்சைத் தனிச் சாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். "தம்பி"யையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் பேசும்போது அது நெருக்கம். கூட்டத்தில் மற்றவர்களையெல்லாம் பெயர் சொல்லி அழைத்துவிட்டு அவரை மட்டும் தம்பி என்றால், எட்டு வருட அனுபவம் உள்ளவரும் சின்னப் பையனாகத் தெரிவார்.

எழுத்தில் சில சொற்களின் சூடும் மாறிவிடும். அவர் "அண்ணே, ஃப்ரீயா?" என்று கேட்க, நீங்கள் "சொல்லுங்க" என்று தட்டுகிறீர்கள். வாயால் சொன்னால் அது நாற்காலியை இழுத்துப் போடுவது மாதிரி. திரையில் படித்தால் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்க்காமல் சொல்வது மாதிரி. "சொல்லுங்க தம்பி, அஞ்சு நிமிஷம் இருக்கேன்" என்றால் அதே சொல்தான், குளிர்ச்சி போய்விடும்.

பொங்கோலில் இருப்பவரை மறந்துவிடாதீர்கள். சென்னைக்காரருக்காவது தூரம் என்ற காரணம் உண்டு. இவர் அரை மணியில் வரக்கூடியவர், அதனாலேயே இவருக்குக் கிடைக்கும் வணக்கங்களில் முள் இருக்கும். "இன்னைக்கும் வீடுதானா?", "கொடுத்து வெச்சவர்", ஆபீஸுக்கு வந்த நாளில் "அட, யாரு இது புதுசா!" சொல்பவருக்குக் கேலி. கேட்பவருக்குத் தன் ஏற்பாட்டை ஒவ்வொரு தடவையும் நியாயப்படுத்த வேண்டிய கட்டாயம். இங்கே 2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் நடப்பில் உள்ளன. ஊழியர் முறையாக விண்ணப்பித்தால் முதலாளி அதைப் பரிசீலித்து இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அப்படிக் கேட்டு வாங்கிய ஏற்பாடு அவருடையது என்றால், அது முடிந்துபோன விஷயம். வீட்டில் வயதான அம்மாவா, கைக்குழந்தையா என்று பேன்ட்ரியில் நாலு பேர் முன்னால் விளக்கம் கேட்கும் வணக்கம் தேவையில்லை. அவர் வரும் நாளில் "வாங்க, இன்னைக்கு மதியம் எங்க போகலாம்?" போதும். அவர் வரும் நாளிலாவது ஹெட்போனைக் கழற்றி வையுங்கள். ரயிலில் நின்று வந்தவருக்கு இரண்டு மேசை தள்ளி இருப்பவர் சாட்டில் "ஹாய்" அனுப்பும் கூத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் ஒரு எல்லை உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனத்தில் பொருளியல் அறிஞர் நிக்கலஸ் புளூமும் கூட்டாளிகளும் செய்து 2015ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலிருந்து வேலை செய்த கால் சென்டர் ஊழியர்களின் செயல்திறன் 13 விழுக்காடு கூடியது. ஆனால் ஆபீஸில் இருந்து அதே அளவு செய்தவர்களோடு ஒப்பிட்டால் பதவி உயர்வு அவர்களுக்குக் குறைவாகவே கிடைத்தது. நல்ல வேலையை ஆபீஸில் இருப்பவருக்கே கொடுத்துவிட்டு, சென்னைக்காரரிடம் அன்பாக நலம் விசாரித்தால் அவர் ஏமாறமாட்டார். வேலைப் பங்கீட்டைத் தனியாகப் பாருங்கள்.

கடைசியாக, எல்லாரும் மறப்பது: விடைபெறுவது. நமக்கு மாலை 6:00 என்றால் அங்கே 3:30. ஆபீஸில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு "வரேன்", "பார்ப்போம்" என்று மேசை மேசையாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். சென்னையில் இருப்பவர் பார்ப்பது, பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைவதை. அவருக்கு இன்னும் மூன்று மணி நேர வேலை மிச்சம். பாதியில் ஒரு சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியாது. நான் இப்போது 5:45க்கு ஒரு வரி அனுப்புகிறேன்: "தம்பி, ஆறு மணிக்குக் கிளம்புறேன். நீங்க கேட்ட ஒப்புதல் வாங்கியாச்சு. வேற ஏதாவது எங்கிட்ட வேணும்னா இப்பவே சொல்லுங்க, இல்லன்னா நாளைக்குப் பார்ப்போம்." முதல் சில நாள் "ஓகே அண்ணே" என்று மட்டும் பதில் வந்தது. அப்புறம் ஒரு நாள் 5:40க்கே அவரிடமிருந்து செய்தி: "அண்ணே, இன்னைக்கு ஒண்ணும் இல்ல, நீங்க கிளம்புங்க. இங்க செம மழை." கூடவே ஜன்னல் வழியாக எடுத்த படம் ஒன்று, முழங்கால் தண்ணீரில் ஒரு ஆட்டோ.